ருசி பார்க்காத சமையல்

சமையல் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஏகமனதாக இருக்கிறார்கள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காமல் எதையும் இறக்கக் கூடாது என்பார்கள். நான் என் ஆயுளில் நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு சமையலை இன்றுவரை நான் ருசி பார்த்ததில்லை. அது ஸாஸேஜ். மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்தவன் பன்றி இறைச்சி வதக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் 1963-ம் வருஷத்துக் குளிர்.

அப்போது நான் லண்டனில் வாசித்துக்கொண்டிருந்தேன். 1962 டிசம்பர் 26-ம் தேதி விழ ஆரம்பித்த பனி மார்ச் மாதம் பிறக்கிற வரையில் தெருவை விட்டு நகரவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு விதவை, அறுபதைத் தாண்டியவள். ஜனவரி நடுவில் அவளுக்கு ஃப்ளூ ஜுரம் கண்டது. பத்து நாள் வெறும் தேநீரிலேயே காலம் தள்ளினாள். ஜுரம் விட்ட பிறகும் எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். வந்து பார்த்த டாக்டர், "எதையாவது சாப்பிட்டால்தான் எழுந்து நடமாட முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அவளாகவே வாயைத் திறந்து, "ஒரு ஸாஸேஜ் கிடைத்தால் சாப்பிடுவேன்" என்றாள். வீட்டில் நானும் ஒரு பூனையும்தான் இருந்தோம். பூனையால் கடைக்குப் போக முடியாது.

அரை ராத்தல் வாங்கி வந்தேன். ராத்தலுக்கு எட்டு என்ற கணக்கில் நாலு இருந்தன. ஒவ்வொன்றும் நடுவிரலை விடச் சற்று நீளம், கட்டை விரலை விடப் பருமன். அரைத்த பன்றி இறைச்சியும் கொழுப்பும், கொஞ்சம் ரஸ்க் தூளும், மிளகும், ஸேஜ் என்ற வாசனை இலையும் சேர்த்துப் பிசைந்து, கழுவிச் சுத்தம் செய்த குடலுக்குள் அடைத்த பண்டம் அது. எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் தேவையும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்தால் போதும். மறுநாள் காலையில் எடுத்தபோது அவை சாக்பீஸ் மாதிரி விறைத்திருந்தன.

நான் அறிந்த சமையல் எல்லாம் அப்பளம் பொரிப்பதுதான். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், போட்டவுடன் பொரிய வேண்டும். அதே சாஸ்திரப்படி இரும்புச் சட்டியைப் புகைய விட்டு, நாலையும் போட்டேன். சீனவெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஒன்று நீளவாட்டில் கிழிந்து வாயைப் பிளந்தது. மற்றொன்று நுனியில் பிதுங்கிற்று. நாலு நிமிஷத்தில் எல்லாம் கறுத்துப் போயின. வெந்துவிட்டது என்று தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் கத்தியால் ஒன்றை அறுத்தாள். வெளியே கரி, நடுவில் சிவந்து, சில்லென்று, பச்சையாக இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மறுபடியும் அரை ராத்தல் வாங்கி வந்தேன். இந்தத் தடவை அவளே படுக்கையிலிருந்து பாடம் நடத்தினாள். சமையலறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

"முதலில் அதை அறைக்குள் அரை மணி நேரம் வைத்திரு. சட்டியை இப்போதே சூடாக்காதே. பச்சைச் சட்டியில் ஒரு டீஸ்பூன் கொழுப்பைத் தடவி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் படுக்க வை. அப்புறம் அடுப்பை ஏற்று. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை."

அந்த வீட்டில் காஸ் அடுப்புக்கு மீட்டர் உண்டு. ஷில்லிங் நாணயம் போட்டால்தான் காஸ் வரும். கிழவி ஷில்லிங்கை மிச்சம் பிடிக்கிறாள் என்று நான் நினைத்தது நிஜம். அது தப்பு என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. சின்னத் தீயானாலும் இருபத்தைந்து நிமிஷம் எரிந்தால் நாலு நிமிஷப் பெருந்தீயை விடச் செலவு குறைவு என்று சொல்ல முடியாது.

வெடிப்பதற்குக் காரணம் அந்தக் குடல் தோல்தான். சூடு பட்டால் அது சுருங்கும். சட்டி கொதித்துக் கிடக்கும்போது போட்டால், இரும்பு தொட்ட இடத்தில் தோல் உடனே காய்ந்து இறுகிவிடுகிறது. அதை ஒட்டி உள்ளே இருக்கிற நீர் அதற்குள் ஆவியாகிப் புறப்பட வழி தேடுகிறது. இறுகிய தோலும் தள்ளுகிற ஆவியும் சண்டை போட்டால் தோல்தான் தோற்கும். மெள்ள மெள்ளச் சூடேற்றினால் கொழுப்பு உருகித் தோலை நனைத்துக்கொண்டே இருக்கும். நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மாமிசமும் தோலும் ஒரே சமயத்தில் இறுகும். சண்டைக்கு இடமில்லை.

முள்கரண்டியால் நாலு குத்துக் குத்திவிட்டால் ஆவி போய்விடுமே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. உரக்கச் சொன்னேன்.

"குத்தாதே! ரஸமெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அப்புறம் நீ ரஸ்கைத்தான் கொண்டுவந்து கொடுப்பாய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பத்து நாள் பட்டினி கிடந்தவளின் குரல் மாதிரி இல்லை அது. யுத்த காலத்தில் மாமிசம் குறைத்து நீரும் ரொட்டியும் அதிகம் சேர்த்த ஸாஸேஜ்கள் சட்டியில் படார் படார் என்று வெடிக்குமாம். குத்துகிற வழக்கத்துக்கு அப்போது நியாயம் இருந்தது என்றாள். இங்கிலீஷ்காரர்கள் செல்லமாக இதற்கு 'பாங்கர்' என்று பேர் வைத்திருப்பதும் அந்த வெடிச் சத்தத்தினால்தான் என்பார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று இரண்டு தரம் குனிந்து பார்த்தேன். பிறகு தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம்தான் அம்மாளின் கடிகாரம். அது கொஞ்சம் ஓங்கினால், "தீயைக் குறை" என்பாள். அடங்கினால், "துளி கூட்டு" என்பாள். எழுந்து வந்து பார்க்காமலே இறுதிவரை அவள்தான் சமைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் இடுக்கியால் கால் வட்டம் திருப்பினேன். முதலில் ரோஜா நிறம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பார்க்க அவலட்சணமாக இருந்தது. அந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து தீயைக் கூட்டத் தோன்றும். தோலில் ஈரம் இருக்கிற வரையில் அது சிவக்காது. ஈரம் போன பிறகுதான் நிறம் ஏறும். பத்தாவது நிமிஷத்துக்கு மேல் வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம். ஒன்று சட்டியில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கப் போனேன், தோல் கிழியப் பார்த்தது. விட்டுவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் அடி முறுகி, தானாகவே விடுபட்டது. ஸாஸேஜ் சற்று வளைந்த பண்டம் ஆகையால் உள் வளைவு சட்டியில் படாமல் வெளுத்தே நிற்கும். அந்தப் பக்கத்தைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"என்ன நிறம்?" என்றாள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது? எனக்குத் தோன்றியது புளியங்கொட்டை நிறம். அது அவளுக்குத் தெரியாது. "உங்கள் மேஜை நிறம்" என்றேன்.

"சரி. இப்போது அமுக்கிப் பார்."

இதைத்தான் நான் பெரிய வித்தையாக நினைக்கிறேன். காலையில் நான் நிறத்தை மட்டும் நம்பி ஏமாந்தேன். நிறம் வெளித் தோலின் சமாசாரம். உள்ளே நடப்பதைச் சொல்வது கனமும் உறுதியும்தான். பச்சை ஸாஸேஜை அமுக்கினால் கனிந்துபோன பூவன் பழம் மாதிரி உள்வாங்கி, பள்ளம் அப்படியே நிற்கும். இடுப்பில் பிடித்துத் தூக்கினால் இரண்டு நுனியும் தொங்கும். வெந்தது செங்காய்க் கொய்யா மாதிரி இருக்கும். அமுக்கினால் துளி இடம் கொடுத்து, விட்டவுடன் பழைய நிலைக்கு வரும். தூக்கினால் விறைப்பாக நிற்கும். அதையும் தாண்டிக் கல்லாகி, சட்டியிலேயே தோல் சுருங்கிச் சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஆனால் ரஸம் போய்விட்டது என்று அர்த்தம். இறக்கி வைத்த பிறகு ஆறும்போது சுருங்குவது அப்படியல்ல; அது எல்லாவற்றுக்கும் உண்டு.

என் அம்மா ஈர விரலால் இட்லியைத் தொட்டுப் பார்ப்பாள். ஆயிரம் இட்லி தொட்ட விரல் அது. என்னிடம் இருந்தது இடுக்கி நுனி ஒன்று, பழக்கமோ பூஜ்யம். ஆகவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அமுக்கி, முந்தின தரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். வித்தியாசம் கை வழியாகவே தெரிந்தது. இருபத்தாறாவது நிமிஷத்தில் ஒன்றைப் பலி கொடுத்துக் குறுக்கே அறுத்தேன். நடு வரையில் வெளிர் சாம்பல் நிறம். வடிந்த நீர் தெளிவாக இருந்தது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மிளகாய்ப் பொடியோ சிவப்பு ஒயினோ சேர்த்த ஸாஸேஜ் வெந்த பிறகும் உள்ளே சிவப்பாகவே நிற்கும். தேன் பூசியது வேகுமுன்பே கறுக்கும். இப்போது மான்செஸ்டரில் இருக்கிற என் பேத்தி ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை நுனி வழியாக நடு வரையில் செருகுகிறாள். எழுபது டிகிரி செண்டிகிரேட் காட்டி, இரண்டு நிமிஷம் அந்தச் சூடு நின்றால்தான் இறக்குகிறாள். குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீட்டில் அவள் செய்வதுதான் சரி. பலவீனமான ஒரு கிழவிக்கு ஒரு கற்றுக்குட்டியின் கையை நம்பிப் பன்றி இறைச்சி கொடுத்ததை இப்போது நினைத்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அறுத்ததைப் பூனைக்குப் போட்டுவிட்டு, மற்ற மூன்றையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் கீறல் இல்லை. ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் மென்றாள்.

"ருசி எப்படி? நீ பார்த்தாயா?" என்றாள்.

"இல்லை அம்மா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த துண்டை வெட்டினாள். இரண்டரை ஸாஸேஜ் உள்ளே போயிற்று.

"சட்டியில் இருக்கிற கொழுப்பைக் கொட்டிவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"கொட்டாதே. ஒரு வெங்காயம் நறுக்கி அதில் வதக்கு."

வெங்காயம் நறுக்கிச் சட்டியை ஏற்றினேன். நீல நாக்கு ஒரு தரம் துள்ளி, 'பொக்' என்று அணைந்தது. ஷில்லிங் தீர்ந்துவிட்டது. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு மீட்டரை நோக்கி நடந்தேன்.