ரிலீப் பாடத்துக்கு ஒரு தாள்

போன தவணை உம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக மூன்று நாள் லீவு எடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் தரத்துக்கு அந்த வாரம்தான் பின்னம் கூட்டல் தொடங்குகிறது. இது பிந்தினால் அடுத்து வரும் பாடம் எல்லாம் பிந்தும். பாடக்குறிப்புக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். போதாது. ஏன் போதாது என்றும், அதை எப்படி ஒரு தாளுக்குள் கொண்டுவந்தேன் என்றும் எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

வெளிநாடுகளில் லீவு எடுத்தவருக்குப் பதிலாக நாள் சம்பளத்துக்கு ஓர் ஆசிரியரை வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். நமது பாடசாலைகளில் அந்த நேரம் யாருக்குப் பாடம் இல்லையோ அவர்தான் ரிலீப். அன்று காலையில் ரிலீப் கொப்பியைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரியும். கணித வகுப்புக்கு வருபவர் இஸ்லாம் பாட ஆசிரியராக இருக்கலாம், சித்திரம் படிப்பிப்பவராகவும் இருக்கலாம். வகுப்புக்கு நடந்து வரும் நேரத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடியதை மட்டும்தான் அவரிடம் கொடுக்கலாம். தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எனது பாடக்குறிப்பு இரண்டரைப் பக்கம். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, தரஉள்ளீடு, அதன் பிறகு படிமுறைகள். இதெல்லாம் எனக்கும் மேற்பார்வைக்கு வருபவர்களுக்கும் தேவையானவை. ரிலீப் ஆசிரியர் இதில் ஒரு வரியைக்கூட வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. முதல் வேலையாக அவற்றை எடுத்துவிட்டேன்.

அடுத்ததாக எடுத்தது பொ.ம.சி. கண்டு பகுதியெண்களைச் சமப்படுத்தும் விளக்கம். பாடத்தின் உயிரே அதுதானே என்று கேட்பீர்கள். ஆனால் கணிதம் படிப்பிக்காத ஒருவர் அதை விளக்கப் போனால், அவர் தான் படித்த காலத்துக் குறுக்குவழியைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் அதை மனனம் செய்வார்கள். நான் திரும்பி வந்து அதைக் கழற்ற ஒரு வாரம் வேண்டும். ஆகவே விளக்கத்தை நான் வரும்வரை ஒதுக்கி வைத்தேன். பிள்ளைகள் தாங்களே செய்து கண்டுபிடிக்கக் கூடிய பகுதியை மட்டும் முதல் நாளுக்கு விட்டேன்.

அதற்கு நான் வைத்திருந்தது நிறத்தாள் பட்டிகள். அவை இருப்பது எனது அலுமாரிக்குள். சாவி என்னிடம். எனவே பிள்ளையின் பையில் எப்படியும் இருக்கும் சதுர ரூள் கொப்பிக்கு மாற்றினேன். 1/2 உடன் 1/3 கூட்ட வேண்டும் என்றால் ஆறு சதுரம் நீளமான ஒரு பட்டி கீறு. அதில் பாதி மூன்று சதுரம், மூன்றில் ஒன்று இரண்டு சதுரம். இரண்டையும் நிறந்தீட்டி எண்ணினால் ஐந்து. விடை 5/6. யாரும் எந்த விதியும் சொல்லத் தேவையில்லை.

கடைசியில் தாள் இப்படி வந்தது:

10.50 – 7ஆம் தரம், 5ஆம் பாடவேளை. வரவு எடுக்கவும். கீழே உள்ள படத்தைக் கரும்பலகையில் கீறவும்.
10.55 – முதல் கணக்கை எல்லோரும் சேர்ந்து செய்யவும்: 1/2 + 1/3, 6 சதுரம், விடை 5/6.
11.05 – தனித்தனியாகக் கொப்பியில்:
1/2 + 1/5, 10 சதுரம், விடை 7/10
1/3 + 1/4, 12 சதுரம், விடை 7/12
2/3 + 1/4, 12 சதுரம், விடை 11/12
1/4 + 1/6, 12 சதுரம், விடை 5/12 (24 சதுரம் கீறி 10/24 என்று எழுதினாலும் சரி)
வேகமாக முடிப்பவர்களுக்கு: 3/4 + 2/3, 12 சதுரம். பட்டி போதாமல் போகும். ஏன் என்று ஒரு வரி எழுதட்டும்.
11.25 – கொப்பிகளைச் சேர்த்து மேசையில் வைக்கவும். வீட்டுவேலை இல்லை. புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம்.

பாடக்குறிப்பில் இல்லாத சில விஷயங்கள் இந்தத் தாளில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை சதுரம் என்பது எனக்குப் பார்த்ததும் தெரியும், அதனால் குறிப்பில் எழுதியதே இல்லை. விடைகளும் அப்படித்தான். விடை இல்லாவிட்டால் ரிலீப் ஆசிரியர் பிள்ளைகளைப் போலவே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 10/24 பற்றிய வரியும் அப்படிச் சேர்ந்தது. அது இல்லை என்றால் சரியாகச் செய்த பிள்ளைக்குப் பிழை விழுந்திருக்கும்.

இன்னொன்றும் சேர்த்தேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் விடும் பிழை எல்லா வருடமும் ஒன்றுதான். மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும் கூட்டி, கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி 2/5 என்று எழுதுவார்கள். அதற்குத் தாளின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு வரி: “2/5 என்று எழுதியவரிடம் ஐந்து சதுரப் பட்டி ஒன்றில் இரண்டை நிறந்தீட்டச் சொல்லவும். அது பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று மட்டும் கேட்கவும்.” இதைக் கேட்கக் கணிதப் பட்டம் தேவையில்லை.

பிள்ளைகளின் சொந்த விஷயம் எதையும் தாளில் எழுதவில்லை. தாள் மேசையில் கிடக்கும், முன் வாங்கில் இருப்பவர் தலைகீழாகவும் வாசிப்பார். காது கொஞ்சம் மந்தமான ஒரு பிள்ளை முன்னால் இருக்க வேண்டும் என்பதைப் பகுதித் தலைவரிடம் வாயால் சொன்னேன்.

லீவுக்கு முதல் நாள், எங்கள் அரபு ஆசிரியை ஒருவரிடம் தாளை நீட்டினேன். இரண்டு நிமிஷம் பார்க்கச் சொல்லிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

“வகுப்புக்குள்ள போனதும் முதல்ல என்ன செய்வீங்க மிஸ்?”

“வரவு எடுப்பன். அதுக்குப் பிறகு... பட்டி என்டா என்ன மிஸ்? ரிபனா?”

அன்று தாளில் படம் இருக்கவில்லை, “பட்டி கீறவும்” என்றுதான் இருந்தது. ஆறு சதுரமும் நிறந்தீட்டிய ஐந்தும் அதற்குப் பிறகுதான் வந்தன. படத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் பாடத்தின் நோக்கம் பற்றி வைத்திருந்த கடைசி இரண்டு வரியையும் வெட்டினேன். ஒருவரும் அதைத் தேடவில்லை.

தாளின் அடியில் வந்தவர் நிரப்ப மூன்று வெற்றிடம்: எத்தனையாவது கணக்கு வரை போனது, எதில் கூடப்பேர் நின்றார்கள், யார் வரவில்லை. “பாடம் எப்படிப் போனது” என்று கேட்டால் “நல்லாப் போனது” என்றுதான் எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு தாள், கழித்தலோடு. நான்காம் நாள் போனபோது முதல் தாளில் எழுதியிருந்தது: “5 வரை. கடைசிக் கணக்கில் நின்றார்கள். 2 பேர் வரவில்லை.” கொப்பிகளைப் புரட்டினேன். கடைசிக் கணக்கில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆறையும் நாலையும் பெருக்கி 24 சதுரம் கீறப் போய், கொப்பியின் வரி முடிந்துவிட்டதால் நின்றவர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் 12இல் முடித்திருந்தார்கள். அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்: 24 வேண்டியதில்லை, 12 போதும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? பொ.ம.சி. என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான்.