‘இம்யூனிட்டி’ ஏறினால் நல்லதுதானே? மேலகரத்தில் ஒரு தையல்கார அம்மா பட்ட பாடு

ஜூன் பிறந்து தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழ ஆரம்பித்தால், மேலகரத்தில் பாதி வீடுகளில் சளி, இருமல் சத்தம் கேட்கும். சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி என்று வீட்டுக்கு வீடு ஒரு கைவைத்தியம் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அந்த அலமாரியில் புதிதாகச் சில பாட்டில்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. எல்டர்பெர்ரி கம்மி, எக்கினேசியா மாத்திரை, சீந்தில் பொடி. எல்லாவற்றின் மேலும் ஒரே வாக்கியம்தான்: ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்.’

கூட்டினால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். 56 வயதான அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்து மகளைப் படிக்க வைத்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் வெறும் ‘அம்மா’.

ஏழு வருடமாக அடங்கியிருந்த நோய்

அம்மாவுக்கு முடக்கு வாதம். ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். திருநெல்வேலியில் ஒரு மூட்டுவாத மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 15 மில்லிகிராம். இடையில் ஃபோலிக் ஆசிட். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ஏழு வருடம் இப்படியே ஓடியது. விரல் வீக்கம் வடிந்து, பழையபடி நாளுக்கு நான்கு ஜாக்கெட் தைத்தார்.

முடக்கு வாதம் தன்னுடல் தாக்கு நோய்களில் ஒன்று. கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டைத் தாக்கும். லூபஸ், சொரியாசிஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு, மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் எல்லாம் இதே வகைதான். அந்தத் தாக்குதலை அடக்கி வைப்பதுதான் மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலை. அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்பது பிரச்னையே இல்லை. அது தப்பான இடத்தில் வேலை செய்வதுதான் பிரச்னை.

அமெரிக்க பாட்டிலும் பக்கத்து வீட்டுக் கொடியும்

ஜூலை தொடக்கத்தில் அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. நியூஜெர்சியில் இருக்கும் மகள், ஊருக்கு வந்த தோழியிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். எல்டர்பெர்ரியும் எக்கினேசியாவும் சேர்ந்த கம்மி. “எம்மா, தெனமும் ரெண்டு சாப்பிடு. இங்க பிள்ளைங்களுக்கே குடுக்காங்க, ஒண்ணும் செய்யாது” என்று போனில் சொன்னார்.

எல்டர்பெர்ரி என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளையும், மணத்தக்காளிப் பழம் போலக் கறுத்த சின்னக் கனி. எக்கினேசியா, சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஊதாப் பூச்செடி. இரண்டுமே குற்றால மலையில் முளைக்கிற மூலிகைகள் அல்ல. ஆனால் ஆகஸ்ட் நடுவில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது நம் ஊர்க் கொடி. “மதினி, சீந்தில் தண்டைத் தட்டிப் போட்டு காய்ச்சிருக்கேன். காலையில ஒரு டம்ளர் குடிங்க. பச்சிலைதான, மருந்தா மாத்திரையா?” என்று அந்த அம்மாள் தினமும் கொண்டுவந்து கொடுத்தார். ஜலதோஷம் எப்போதோ போய்விட்டது. கம்மியும் கஷாயமும் மட்டும் நிற்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் அம்மாவுக்கு மெஷின் மிதிக்க முடியாத அசதி. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. 412. பிலிருபின் 3.1. ஜூலையில் எடுத்தபோது இரண்டுமே சரியாக இருந்தவை.

சந்தேகம் விழுந்தது வேறு மருந்தின் மேல்

மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துதான். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. டாக்டரின் சந்தேகமும் முதலில் அதன் மேல்தான் விழுந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனைகள் எல்லாம் ‘இல்லை’ என்று வந்தன. ஏழு வருடமாக ஒத்துக்கொண்ட மருந்து ஏன் திடீரென்று இப்படிச் செய்யும் என்று யோசித்தவர், “அம்மா, நான் எழுதிக் குடுத்தது இல்லாம வேற என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

“வேற மருந்து ஒண்ணும் இல்ல சார்.”

“மருந்து வேண்டாம். பொடி, கஷாயம், டானிக், வெளிநாட்டுல இருந்து வந்தது ஏதாச்சும்?”

அப்போதுதான் கம்மியும் சீந்திலும் வெளியே வந்தன. அம்மா மறைக்கவில்லை. அவர் கணக்கில் அவை மருந்தே இல்லை. ‘வேறு மருந்து உண்டா’ என்பதோடு கேள்வி நின்றிருந்தால், நல்ல மருந்தின் தலையில் பழி விழுந்து கஷாயம் தொடர்ந்திருக்கும்.

டாக்டர் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். எது குற்றவாளி என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் வேறு வழியில்லை. ஆனாலும் அவருடைய சந்தேகம் சீந்தில் பக்கம்தான் கூடுதலாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

மும்பையில் 2020-ல் நடந்தது

வடக்கே ‘கிலோய்’ என்று சொல்லும் சீந்திலை, கொரோனா காலத்தில் நாடு முழுக்க மக்கள் குடித்தார்கள். நம் கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் அதுவும் ஒன்று. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் குடித்து வந்த ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை மும்பை மருத்துவர்கள் கவனித்து, 2021-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும்போது காணப்படும் அடையாளங்கள் அவர்களிடம் இருந்தன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தன்னுடல் தாக்கு நோயை இந்தக் கொடி தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது அந்த மருத்துவர்களின் கருத்து.

ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. அதே தோற்றம் கொண்ட வேறொரு சீந்தில் இனத்தைத் தவறுதலாகக் குடித்திருக்கலாம் என்றது. ஆனால் 2022-ல் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து, இதே போன்ற 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. குடிக்க ஆரம்பித்து ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் அறிகுறி தெரிந்தது என்பது அதில் முக்கியமான செய்தி. மேலகரத்து அம்மா கஷாயம் குடித்ததும் ஏறக்குறைய அத்தனை நாள்தான்.

சீந்தில் குடித்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. கோடிக்கணக்கானவர்கள் குடித்ததில் சிலருக்குத்தான் ஆனது. சில நாள் கொஞ்சமாகக் குடிப்பதும், மாதக்கணக்கில் டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் ஒன்றல்ல. தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள்தான் இதில் கூடுதலாகப் பயப்பட வேண்டியவர்கள்.

கம்மி என்னதான் செய்யும்?

எல்டர்பெர்ரிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நார்வேயில் ஃப்ளூ காய்ச்சல் வந்த 60 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. அதன் சிரப்பை 15 மில்லி வீதம் நாளுக்கு நான்கு வேளை, ஐந்து நாள் குடித்தவர்களுக்குச் சுமார் நான்கு நாள் முன்னதாகவே குணம் தெரிந்தது. ஆனால் 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 87 பேரைப் பார்த்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. எக்கினேசியா பற்றிய 24 ஆய்வுகளை 2014-ல் காக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. வந்த சளியைக் குணமாக்குவதாகத் தெளிவான சான்று இல்லை. வராமல் தடுப்பதில் ஒருவேளை சிறு பலன் இருக்கலாம் என்பதுதான் முடிவு. ஆரோக்கியமானவருக்கு ஆகக்கூடிய லாபம், ஓரிரு நாள் மூக்கொழுகல் குறைவது. அதுவும் நிச்சயமில்லை.

தன்னுடல் தாக்கு நோய் உள்ளவருக்குக் கணக்கே வேறு. ஆய்வுக்கூடத்தில் ரத்த அணுக்களோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் கூடின. முடக்கு வாதத்துக்குப் போடும் விலை உயர்ந்த ஊசிகள் சில, இதே டி.என்.எஃப்.பைத் தடுக்கத்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்துக்கொண்டே, மறுபக்கம் விறகு வைப்பது போலத்தான் இது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 2004-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் அடங்கியிருந்தவர், சளிக்காக எக்கினேசியா சாப்பிட்ட சில நாளில் மறுபடி கொப்புளம் கிளம்பியது. மாத்திரையை நிறுத்திய பிறகும் நோய் முழுதாகப் பழைய நிலைக்கு அடங்கவில்லை. தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் எக்கினேசியாவைத் தவிர்க்க வேண்டும் என்று ஜெர்மனியின் மூலிகை மருத்துவக் குழுவும், ஐரோப்பிய மருந்து முகமையும் எச்சரித்திருக்கின்றன.

எட்டு வாரத்தின் விலை

நிறுத்திய இரண்டு வாரத்தில் அம்மாவின் எஸ்.ஜி.பி.டி. பாதியாகக் குறைந்தது. எட்டு வாரத்தில் சரியான அளவுக்கு வந்தது. அந்த எட்டு வாரமும் மெத்தோட்ரெக்ஸேட் இல்லை. ஐந்தாவது வாரமே விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. கல்லீரலை நினைத்து வலி மாத்திரையும் அளந்துதான். தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த ஜாக்கெட் துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தார். குழாயைத் திருகக்கூடப் பக்கத்து வீட்டு மதினிதான் வர வேண்டியிருந்தது. பிறகு குறைந்த அளவில் மாத்திரையைத் தொடங்கி, மாதம் தவறாமல் ரத்தம் பார்த்து, மெதுவாக ஏற்றினார்கள்.

மகள் போனில் அழுதார். “நீ நல்லதுக்குத்தானட்டி அனுப்புன” என்றார் அம்மா. அதுவும் உண்மைதான். அந்த வீட்டில் யாரும் கெட்டது நினைக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்

முடக்கு வாதம், லூபஸ் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், ‘இம்யூனிட்டி’ என்று போட்ட எதையும் டாக்டரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். கலவை மாத்திரைகளில் முன்பக்கம் ஒரு பெயர்தான் பெரிதாக இருக்கும். மற்றவை பின்பக்கச் சிறிய எழுத்தில் இருக்கும். அதனால் பாட்டிலையே கையில் எடுத்துப் போவது நல்லது. கஷாயம் என்றால் என்ன தண்டு, எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவருக்கு அசதி, குமட்டல், அரிப்பு, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் அன்றே கஷாயத்தையும் பாட்டிலையும் நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டாக்டர் எழுதிய மருந்தை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாரல் காலச் சளி பயம் இருந்தால், ஃப்ளூ தடுப்பூசி தனக்குப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். முடக்கு வாதக்காரர்களுக்கு உயிரற்ற கிருமியில் செய்த ஊசியைத்தான் போடுவார்கள். அந்த ஊசி எதிர்ப்பு சக்தி முழுவதையும் கிளறிவிடுவதில்லை. ஃப்ளூ கிருமியின் அடையாளத்தை மட்டும் அதற்குக் காட்டிக் கொடுக்கிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் ‘கூட்டும்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.