மகன் போட்ட கையெழுத்து

வழக்குக் கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது விலையையோ சர்வே எண்ணையோ அல்ல, தேதியை. கிரய ஒப்பந்தம் 14.3.2011-ல் எழுதப்பட்டிருந்தது. காவிரிப் பாசனப் பகுதியில் 54 சென்ட் நிலம், விலை 18 லட்சம், அட்வான்ஸ் 4 லட்சம். மீதியை ஆறு மாதத்துக்குள் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். அதற்குள் விற்பவர் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து, தன் பெயரில் தனிப்பட்டா வாங்கித் தர வேண்டும். அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது 2015 ஆடி மாதத்தில்.

கொண்டுவந்தவர் நெல் மண்டி வைத்திருந்த பெரியவர். ஊரையும் ஆட்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த வழக்கின் உயிரே தேதிகளில் இருந்ததால் அவற்றைத் தவிர்க்க முடியாது.

நிலத்துக்குப் பக்கத்தில் புறவழிச்சாலை வந்துவிட்டது. 2015 மே மாதம் விற்பவர், "அந்த விலைக்கு இனி முடியாது, வாங்கின பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் கணக்கில் அன்றைக்குத்தான் வழக்கு பிறந்தது. "இப்பத்தானே வக்கீல் சார் முடியாதுன்னான், மூணு மாசம்கூட ஆகலை" என்றார். கூட வந்திருந்த அவருடைய மைத்துனர், "நிலத்துக்குப் பன்னிரண்டு வருஷம்னு சொல்வாங்களே" என்றார்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டு, உரிமை உள்ளவனுக்கு. தன் நிலத்தை இன்னொருவன் எதிரிடையாகப் பிடித்துக்கொண்டால், சொந்தக்காரன் அதை மீட்கக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் கெடு அது. அதைத் தவறவிட்டால் வழக்கு போடும் வழி அடைபடுவதோடு நிற்காது. அச்சட்டத்தின் 27-வது பிரிவின்படி நிலத்தின் மேலிருந்த உரிமையே போய்விடும். ஆனால் கிரய ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகவில்லை. எழுதிக்கொடு என்று கேட்கும் உரிமை மட்டுமே அவருக்கு உண்டு. கோர்ட்டில் நாங்கள் 'ஏற்றதை ஆற்றுதல்' என்று சொல்லும் வழக்கு அது. 1963-ஆம் வருடச் சட்டத்தின் அட்டவணையில் 54-வது கூறு அதற்குக் கொடுப்பது மூன்றே ஆண்டுகள். எந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. நாள் குறிக்காவிட்டால் மட்டுமே, எதிராளி மறுத்துவிட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து. நாள் குறித்த ஒப்பந்தத்தில் எதிராளி எப்போது மறுத்தான் என்ற கேள்வி எழவே எழாது.

பெரியவரின் ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் 9.9.2011 தேதியிட்டு, மேலும் 2 லட்சம் பெற்றுக்கொண்டதாகவும், பட்டா வேலை முடியாததால் கெடுவை 13.3.2012 வரை நீட்டித்ததாகவும் எழுதி, விற்பவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது பெரியவர் விவரமாக எழுதி வாங்கிய குறிப்பு. அதன்படி மூன்று ஆண்டு 13.3.2015 வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோயிருந்தது. என்னிடம் வரும்போது ஐந்து மாதம் தாண்டிவிட்டது.

இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டேன். தை பிறக்கட்டும், மகன் கல்யாணம் முடியட்டும், சர்வேயர் மாறிப்போனார், புதியவர் வரட்டும் என்று வாய்தா சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரை வைத்துப் பேச்சும் நடந்திருக்கிறது. எல்லாம் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சால் கெடு நகராது. ஒருமுறை ஓடத் தொடங்கிய காலம் பிறகு எதற்காகவும் நிற்காது என்கிறது சட்டத்தின் 9-வது பிரிவு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நீளும் என்றுகூடப் படித்தவர்களே நம்புகிறார்கள், நீளாது. அப்பீலுக்குத் தாமத மன்னிப்பு மனு போடுவதுபோல அசல் வழக்குக்கும் போடலாமா என்றும் கேட்பார்கள். அந்த 5-வது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான், அசல் வழக்குக்குக் கிடையாது. எத்தனை நல்ல காரணம் இருந்தாலும் ஒரு நாள் தாமதத்தைக்கூட நீதிபதி மன்னிக்க முடியாது.

கட்டின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. 21.10.2013 தேதி. "மேற்படி அக்ரிமென்ட் கிரயத் தொகையில் ஒரு லட்சம் பெற்றுக்கொண்டேன், மீதியைப் பெற்றுக்கொண்டு கிரயம் செய்து தரப்படும்" என்று இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கெடு உயிரோடு இருக்கும்போதே எதிராளி தன் கடப்பாட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும் என்கிறது 18-வது பிரிவு. இந்தச் சீட்டு செல்லுமானால் 2016 அக்டோபர் வரை நேரம் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். விற்பவருடையது இல்லை, அவருடைய மூத்த மகனுடையது.

மகன் ஒப்பந்தத்தில் கட்சிக்காரர் இல்லை. அவர் பெயரில் பவர் பத்திரமும் இல்லை. ஆனாலும் 18-வது பிரிவு, அதிகாரம் பெற்ற ஏஜென்ட் கையெழுத்திட்டாலும் போதும் என்கிறது. அந்த அதிகாரம் பத்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நடத்தையிலும் தெரியலாம். அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தோம். காலம் கடந்ததுபோல் தெரியும் வழக்கில், ஏன் கடக்கவில்லை என்பதைப் பிராதிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விசாரணைக்கு முன்பே பிராதைத் தள்ளிவிடலாம். சீட்டை முதல் பத்தியிலேயே எழுதினேன். கிரயம் கிடைக்காவிட்டால் கொடுத்த பணத்தையாவது, நிலத்தின் மேல் பொறுப்பு வைத்து, வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுப் பரிகாரமும் சேர்த்தேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "பணத்தைக் கேட்டா நிலம் வேண்டாம்னு அர்த்தம் ஆயிடாதா?" என்றார். ஆகாது. கேட்காததைக் கோர்ட் கொடுக்காது என்பதுதான் தனி நிவாரணச் சட்டத்தின் 22-வது பிரிவு.

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலில், அட்வான்ஸ் பறிமுதல் ஆகிவிட்டது, ஒரு லட்சம் பற்றி எனக்குத் தெரியாது என்றெல்லாம் இருந்தது. காலவரையறை பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பிரதிவாதி சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கைத் தள்ளுபடி செய்வது நீதிமன்றத்தின் கடமை என்று காலவரையறைச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. நீதிபதி தாமாகவே அதை ஒரு எழுவினாவாக வைத்தார்.

எனக்கு இன்னொரு வாதமும் இருந்தது. பட்டா வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு, அது எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே இதில் நாள் குறிக்கப்படவே இல்லை என்று சொல்லலாம். 'குறித்த நாள்' என்றால் நாட்காட்டியில் சுட்டிக்காட்டக்கூடிய திட்டமான நாள் என்று அகமது சாகிப் அப்துல் முல்லா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. முதல் பக்கத்தை மட்டும் படித்தால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு இருந்தது. பின்பக்கக் குறிப்பு அதைக் கெடுத்தது. பட்டா ஆகாததைத் தெரிந்துகொண்டே, '13.3.2012 வரை' என்று இரு தரப்பும் எழுதியிருந்தார்கள். பெரியவரின் முதல் ஆறு மாதத்தைக் காப்பாற்றிய அதே எழுத்து, நாளை ஆணியடித்ததுபோல் நிறுத்திவிட்டது. கெடு நீட்டிப்பு எழுதும்போது 'பட்டா கிடைத்து, அதை எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள்' என்று எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பத்திரம் எழுதுபவர்கள் இதை நினைப்பதில்லை. தேதி போட்டால்தான் பத்திரம் கெட்டி என்பது அவர்கள் எண்ணம்.

மீதி இருந்தது மகனின் அதிகாரம். மகனைச் சாட்சியாகக் கூப்பிட்டோம். பணம் வாங்கியதையும் கையெழுத்தையும் ஒப்புக்கொண்டார். அப்பாவுக்குத் தெரியாது, என் தேவைக்கு வாங்கினேன் என்றார். பிறகு பெரியவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். "என் மகனிடம் கொடுங்கள் என்று பிரதிவாதி உங்களிடம் எப்போதாவது சொன்னாரா?" பெரியவர் பொய் சொல்லத் தெரியாதவர். "அவர் சொல்லலை. எப்பவும் பையன்தான் வருவான், அதனால கொடுத்தேன்" என்றார். முந்தைய இரண்டு தொகைகளும் தகப்பனார் கையில் கொடுக்கப்பட்டு, அவரே கையெழுத்திட்டவை என்பதும் அடுத்த கேள்வியில் வந்தது. மகன் வழக்கமாக வரவு வாங்குபவர் என்று காட்ட, அதற்கு முன் ஒரே ஒரு சீட்டு இருந்திருந்தால்கூடப் போதும். இல்லை.

கிரயம் எழுதித்தரக் கேட்டது தள்ளுபடி ஆனது. அப்பீல் போகலாமா என்று கேட்டபோது, சாட்சியத்தில் வந்துவிட்ட உண்மையை மதுரைக் கிளையில் மாற்ற முடியாது என்று சொன்னேன். சீட்டு செல்லியிருந்தாலும் எங்களுக்கு வேறொரு மேடு காத்திருந்தது. மதுரை நகரத்து வீடு ஒன்றைப் பற்றிய வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கு அது. 1978-ல் 60,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்தவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்தார். மூன்று ஆண்டுக்குள்தான் வழக்குப் போட்டார். ஆனாலும் நகரச் சொத்து விலை ஏறுகிற வேகத்தைக் குறிப்பிட்டு, 1997-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் மறுத்தது. விற்பவர்களின் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டாத ஒப்பந்த வழக்கு எங்கள் பக்கம் அபூர்வம்.

பணத்துக்கு மட்டும் வேறு கணக்கு. வாங்குபவர் முன்கூட்டிக் கொடுத்த கிரயத் தொகைக்கு அந்தச் சொத்தின் மேலேயே பொறுப்பு உண்டு என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. வாங்குபவரே முறையின்றிப் பின்வாங்கியிருந்தால் அது கிடையாது. பொறுப்புள்ள பணத்தை வசூலிக்கக் காலவரையறைச் சட்டத்தின் 62-வது கூறு பன்னிரண்டு ஆண்டு தருகிறது. மைத்துனர் சொன்ன பன்னிரண்டு கடைசியில் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. பின்வாங்கியது பெரியவர்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. பட்டாவுக்கு விண்ணப்பமே போடாதவர் அப்படிச் சொல்ல முடியாது என்றார் நீதிபதி. தகப்பனார் கையெழுத்துள்ள 6 லட்சத்துக்கு வட்டியோடு தீர்ப்பு வந்தது. மகன் வாங்கிய ஒரு லட்சத்துக்கு நிலம் பொறுப்பாகவில்லை. மகன் மேல் தனியாக வழக்குப் போட அதற்குள் மூன்று ஆண்டு தாண்டியிருந்தது.

வெறும் பணத் தீர்ப்பாக இருந்திருந்தால் வசூலிக்க இன்னும் பல ஆண்டு அலைந்திருப்போம். நிலத்தின் மேல் பொறுப்பு இருந்ததால் நிறைவேற்று மனுவில் அந்த 54 சென்டையே ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அதற்குள் புறவழிச்சாலையோரம் மனை போட ஒருவர் அதே நிலத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஏலத்தில் கிடக்கும் நிலத்துக்குப் பணம் கொடுக்க அவர் தயாராக இல்லை. விற்பவர் அவரிடமே முன்பணம் வாங்கி, தீர்ப்புத் தொகை முழுவதையும் வட்டியோடு கோர்ட்டில் கட்டினார். செக் மனுப் போட்டுப் பெரியவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.