ஓர் ஈறும் மூன்று ஒலிகளும்

ஆங்கில மொழியில் ஒழுங்கான வினைச்சொற்களை இறந்தகாலத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், சொல்லின் இறுதியில் இ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும் என்று நம் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கிறார்கள். எழுதுகிற கைக்கு அந்த விதி போதுமானதே. ஆனால் காகிதத்தில் ஒன்றாகவே நிற்கும் அந்த ஈறு, பேசுகிறவர் வாயிலிருந்து புறப்படும்போது மூன்று வேறு சப்தங்களாகப் பிரிந்துவிடுகிறது என்பதையும், எந்தச் சொல்லுக்கு எந்தச் சப்தம் என்பது ஒரு நியதிக்கு உட்பட்டதே என்பதையும், பட்டப் படிப்பு முடித்தவர்களிலேயே பலருக்கு ஒருவரும் எடுத்துச் சொன்னதில்லை. 'நட' என்று பொருள்படும் 'வாக்' என்ற சொல் இறந்தகாலத்தில் 'வாக்ட்' என்று ஒலிக்கிறது. அங்கே இறுதியில் கேட்பது, 'பட்டம்' என்று நாம் சொல்லும்போது எழுகிற வன்மையான டகரத்தைப் போன்ற ஓர் ஒலி. 'விளையாடு' என்று பொருள்படும் 'ப்ளே' என்ற சொல்லோ, 'வண்டி' என்பதில் நாம் உச்சரிக்கிற அதிர்வுள்ள டகரத்தை ஏற்று முடிகிறது. 'விரும்பு' என்ற பொருளுள்ள 'வான்ட்' மட்டும் ஓர் இகரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு 'வான்டிட்' என்று ஓர் அசை நீண்டுவிடுகிறது.

முதல் இரண்டையும் தமிழ் எழுத்தில் வேறுபடுத்திக் காட்ட வழியில்லை. 'விளையாடினான்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும், நாம் உண்ணும் 'ப்ளேட்' என்ற தட்டையும் நம் எழுத்தில் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆயினும் அந்த இரண்டு ஒலிகளும் தமிழ் நாவுக்கு அந்நியமானவை அல்ல. ஒரே டகரம் இரட்டித்து வருகையில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து வருகையில் அதிர்வோடும் ஒலிப்பதை நாம் பிறந்தது முதல் பிழையின்றிச் செய்துவருகிறோம். இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் மட்டும் நமக்கு என்றும் நேர்ந்ததில்லை. இறந்தகாலம் காட்டும் உறுப்பு முன்னிருக்கும் ஒலிக்கு ஏற்ப மாறும் என்பதும் நமக்குப் புதிய செய்தியன்று. நன்னூலார் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை வகுத்திருக்கிறார். 'செய்' என்பது 'செய்தான்' என்றும், 'உண்' என்பது 'உண்டான்' என்றும், 'தின்' என்பது 'தின்றான்' என்றும் ஆவதை நினைத்துப் பார்த்தால், நாக்கு நிற்கும் இடத்தை ஒட்டியே அந்த உறுப்பும் இடம் பெயர்வது புலப்படும். ஆங்கிலத்தில் நாக்கு இடம் பெயர்வதில்லை. அது மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒரே இடத்தில்தான் தொடுகிறது. தொண்டை அதிர்கிறதா, இல்லையா என்பது ஒன்றே அங்கே தீர்ப்பளிக்கிறது.

விதியைச் சொல்லிவிடுகிறேன். இ, டி என்பதை மறந்துவிட்டு, மூலச்சொல்லை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். அதன் கடைசி ஒலி எதுவென்று கேட்க வேண்டும். அந்த ஒலி ஏற்கெனவே வன்மையான டகரமாகவோ அதிர்வுள்ள டகரமாகவோ இருந்தால், அதே இடத்தில் இன்னொரு டகரத்தை ஒட்டினால் காதுக்கு இரண்டாவது கேளாது. ஆகவே நடுவே ஓர் இகரம் புகுந்து இரண்டையும் பிரித்து நிறுத்துகிறது. 'வான்டிட்', 'நீடிட்' என்பவை அவ்வாறு பிறந்தவை. மற்றச் சொற்களிலெல்லாம், கடைசி ஒலி தொண்டை அதிராமல் வெறுங் காற்றாய்ப் பிறப்பதானால் ஈறும் வன்மையாகும். அதிர்ந்து பிறப்பதானால் ஈறும் அதிரும். உயிரொலிகள் யாவும் அதிர்ந்தே பிறப்பவையாதலால், 'ப்ளே' போன்று உயிரில் முடியும் சொற்கள் அதிர்வுள்ள டகரத்தையே பெறுகின்றன.

மாலை வேளைகளில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற சிறு வகுப்பில், சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பெஞ்சின் மேல் மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்வது வழக்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர், 'சிரி' என்ற பொருளுள்ள 'லாஃப்' என்ற சீட்டைக் கையில் எடுத்து, அதன் இறுதியில் ஜி, எச் என்ற எழுத்துகளைக் கண்டு, ஜி அதிரும் ஒலியல்லவா என்று எண்ணி, இரண்டாவது குவியலில் வைத்தார்.

"சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லைச் சொல்லுங்கள், தம்பி" என்றேன்.

"லாஃப், ஸார்."

"முடிவில் என்ன கேட்கிறது? கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ஒலியை மட்டும் நீட்டுங்கள்."

அவர் கீழுதட்டைப் பல்லால் தொட்டு நீட்டினார். "காற்றுதான் ஸார் வருகிறது. தொண்டையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி, நான் கேளாமலேயே சீட்டை முதற் குவியலுக்கு மாற்றினார். அடுத்து வந்தது 'உழு' என்ற பொருளுள்ள 'ப்ளௌ'. அதிலும் அதே ஜி, எச் எழுத்துகள்தாம் நிற்கின்றன. ஆனால் இம்முறை அவர் எழுத்தைப் பாராமல் சொல்லிப் பார்த்தார். உயிரொலியில் முடிவதைக் கேட்டு, இரண்டாவது குவியலில் தயக்கமின்றி வைத்தார். 'ப்ளேஸ்', 'க்ளோஸ்' என்ற இரண்டு சீட்டுகள் அவரைச் சிறிது நேரம் நிறுத்தின. தமிழில் இரண்டுக்கும் ஸகரம்தான். ஆங்கிலத்தில் 'வை' என்ற பொருளுள்ள முதற் சொல் சீறும் ஸகரத்திலும், 'மூடு' என்ற பொருளுள்ள இரண்டாவது சொல் வண்டின் ரீங்காரம் போன்ற ஒலியிலும் முடிகின்றன. பின்னதை நான் நீட்டிக் காட்ட, அவர் தம் கழுத்தில் வைத்த விரலால் அதிர்வை உணர்ந்து, 'ப்ளேஸ்' முதற் குவியலுக்கும் 'க்ளோஸ்' இரண்டாவதற்கும் உரியவை என்று கண்டுகொண்டார்.

இந்த விரல் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சீறும் ஒலிகளையும் மெல்லின ஒலிகளையும் நீட்டிச் சோதிக்கலாம். ககரம், பகரம் போன்று மூச்சை அடைத்துப் பிறக்கும் ஒலிகளை நீட்ட முடியாது. போதாக்குறைக்கு, ஆங்கிலேயர் தாமே சொல்லின் கடைசியில் வரும் அதிர்வுள்ள ஒலியை அரைகுறையாகத்தான் அதிரவிடுகிறார்கள். அங்கே காதுக்குக் கைகொடுப்பது முன்னிருக்கும் உயிரின் நீளம். 'முதுகு' என்று பொருள்படும் சொல்லையும் 'பை' என்று பொருள்படும் சொல்லையும் நாம் 'பேக்' என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் பையைக் குறிக்கும் சொல்லில் உயிர் கண்கூடாக நீளும், முதுகைக் குறிக்கும் சொல்லில் சட்டென்று அறுபடும். உயிர் நீண்டால் ஈறு அதிரும், அறுபட்டால் ஈறு வன்மையாகும் என்று கொண்டு பழகினால் பிழை நேர்வது அபூர்வம்.

ஆங்கிலம் தாய்மொழியாகப் பெற்ற குழந்தைகள் இந்த விதியை எவ்வாறு கைக்கொள்கின்றன என்று ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கட்டுரை, எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. நாலு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம், எந்த அகராதியிலும் இல்லாத வினைச்சொற்களைப் படங்களோடு காட்டி, "நேற்று அவன் என்ன செய்தான்?" என்று முடித்துச் சொல்லும்படி அவர் கேட்டார். கேட்டே அறியாத 'ரிக்' என்ற சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் வன்மையான டகரத்தைச் சேர்த்துச் சரியாகச் சொல்லின. ஆகவே அவை சொற்களை மனப்பாடம் செய்யவில்லை, விதியையே உள்வாங்கியிருக்கின்றன என்பது தெளிவாயிற்று. ஆனால் 'மாட்' என்று டகரத்தில் முடியும் போலிச் சொல்லைக் கொடுத்தபோது, பல குழந்தைகள் எதையும் சேர்க்காமல் சொல்லை அப்படியே விட்டுவிட்டன. டகரத்தில் முடிந்ததனாலேயே அது இறந்தகாலமாகிவிட்டது என்று அவற்றின் காது ஏற்றுக்கொண்டது போலும்! மூன்றாவது ஒலியே அந்த மொழியின் குழந்தைகளுக்கும் கடைசியாகக் கைவருகிறது.

நம்மவர்களிடம் நிகழ்வது இதற்கு நேர்மாறு. எழுத்தைப் பார்த்தே மொழியைக் கற்பதால், மூன்றாவது ஒலியை உரிய இடத்தில் மட்டுமின்றி எல்லா இடங்களிலும் பெய்து, 'வாக்கெட்', 'லாஃபெட்' என்று ஓரசைச் சொற்களை ஈரசையாக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் ஓட்டம் அசைகளின் மேல் நடப்பதாகையால், கேட்கிறவருக்கு இந்தப் பிழையே மிகுந்த இடறலைத் தருகிறது. ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் இந்த ஈற்றை எல்லாச் சொற்களிலும் தனி அசையாகவே உச்சரித்துவந்தார்கள். எழுத்தில் நிற்கும் இ அந்தக் காலத்தின் எச்சம். உயிர் தேய்ந்து மறைவதைப் பொறாத ஜோனதன் ஸ்விஃப்ட், 1712-இல் வெளியிட்ட ஒரு விண்ணப்பத்தில் கவிஞர்கள் இப்படிச் சொற்களைக் குறுக்குவதைக் கண்டித்து எழுதினார். பேச்சு வழக்கு அவருக்காக நிற்கவில்லை. கற்றறிந்தவர் என்ற பொருளில் வரும் 'லர்னிட்', ஆசீர்வதிக்கப்பெற்ற என்ற பொருளில் வரும் 'ப்ளெஸிட்' ஆகிய சில பெயரடைகளில் மட்டும் பழைய உச்சரிப்பு பிழைத்திருக்கிறது. அவற்றை விதிவிலக்காகத் தனியே கற்பதே முறை.

இரண்டாவது இடையூறு நம் மொழியின் இயல்பிலிருந்து வருவது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நமக்குப் பழக்கமில்லையாதலால் 'வாக்டு', 'ஹெல்ப்டு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். அதுவும் ஓர் அசை கூடியதாகத்தான் பிறர் காதில் விழும். இதற்கு நான் கையாளும் வழி, உயிரில் தொடங்கும் சொல்லொன்றைப் பின்னால் நிறுத்துவது. 'வாக்ட் இன்' என்று சேர்த்துச் சொல்லும்போது டகரம் அடுத்த சொல்லின் இகரத்தில் ஏறிக்கொண்டு 'வாக்-டின்' என்றாகிவிடுகிறது. உகரத்துக்கு இடமே இல்லை. இவ்வாறு சில நாள் அப்பியாசம் செய்தபின் பின்சொல்லை எடுத்துவிட்டாலும் நாக்கு உகரத்தைத் தேடுவதில்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூன்று குவியல்களையும் ஒரே நாளில் பரப்பாதீர்கள். மூலச்சொல் டகர ஒலியில் முடிகிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வியை முதலில் பல நாள் கேட்டு, அசை கூடும் சொற்களைக் கூடாத சொற்களிலிருந்து பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். அதிராத ககரத்தை அடுத்து அதிர்வுள்ள டகரத்தைச் சொல்வது எந்த வாய்க்கும் சிரமமாதலால், வன்மைக்கும் அதிர்வுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். அதில் ஒரு மாணவர் தவறினாலும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். 'வாக்கெட்' என்பதை மட்டும் கேட்டவுடனே நிறுத்தித் திருத்துங்கள்.