பாயிலிருந்து மேசைக்கு

கல்லூரியில் உயர்தர மாணவர்க்குப் பாடஞ் சொல்லிப் பழகியவர் நாம். ஹந்தானை மலைச்சாரலில் உள்ள ஒரு பாடசாலையின் முதலாந் தர ஆசிரியை, நமக்கு நெடுநாள் தெரிந்தவர். ஒரு வாரம் அவர் விடுப்பில் செல்ல நேர்ந்தபோது, அவ்வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டோம். ஐந்து வயதுக் குழந்தைகள் இருபத்தாறு பேர்தாமே என்று எளிதாக எண்ணியது நம் பிழை.

இலங்கையில் 1999 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி ஆரம்ப வகுப்புகளில் கற்றல் மூவகைப்படும்: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே முதலிடம். மேசை வேலை சிறிதளவே. ஆகவே குழந்தை பாயிலமர்ந்து கதை கேட்பதும், பின்பு எழுந்து மேசைக்குச் செல்வதும் நாள்தோறும் நிகழ்வன. இடர்ப்பாடு முழுவதும் அந்தச் சில அடித் தூரத்திலேதான் இருக்கின்றது.

முதல் நாள் கதை முடிந்ததும், “எல்லாரும் எழுந்து, உங்கள் இடத்துக்குப் போய், கொப்பியைத் திறந்து, பென்சிலை எடுங்கள்” என்றோம். சிலர் பென்சிலைத் தேடினர். சிலர் சாளரத்தருகே ஓடினர். நான்கு கட்டளைகளை ஒருங்கே மனத்தில் நிறுத்துதல் அவ்வயதிற்கு அரிது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் கைதட்டி, துள்ளலான நடைப்பாட்டொன்றைப் பாடினோம். குழந்தைகள் மகிழ்ந்து குதித்தனர். மேசையை அடைந்தும் குதித்தனர். ஒரு சிறுவன் மட்டும் பாயின் நுனியைச் சுருட்டியபடி எழ மறுத்தான். பிடிவாதக்காரன் என்று அதட்டினோம், அவன் அழுதான்.

அன்று மாலை ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டோம். அவர் சிரித்துவிட்டு, “ஐயா, கூப்பிடுகிற பாட்டு வேறு, அமைதிப்படுத்துகிற பாட்டு வேறு. நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள்” என்றார். பின்பு தம் பாட்டைச் சொல்லித் தந்தார்:

பாயை விட்டு எழுவோமே,
பைய நடந்து போவோமே,
கதிரை தூக்கி அமர்வோமே,
கையை மேசையில் வைப்போமே.

இதன் நுட்பம் யாதெனில், ஓர் அடிக்கு ஒரே செயல். அடுத்த செயலைக் குழந்தை நினைவில் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த அடி வந்து சொல்லும். “இரண்டு நிமிடத்தில் அமருங்கள்” என்றால் ஐந்து வயதினர்க்கு விளங்காது. பாட்டு முடிவதற்குள் என்பது விளங்கும். நான்கு அடிகளையும் பாட ஏறத்தாழ அரை நிமிடம். முதன்முறை முன் இரு வரிசையினர் எழுவர். மறுமுறை பின் இரு வரிசையினர். முதலடி பேச்சுக் குரலில் தொடங்கி, ஒவ்வோர் அடியும் சற்றுத் தாழ்ந்தும் மெதுவாகவும் வரவேண்டும். இறுதியடி ஏறக்குறைய முணுமுணுப்பே. பாடும்போது இடையில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கண்டித்தால் பாட்டு அறுந்துவிடும்.

பாட்டுக்கு முன்னரே வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். கொப்பியும் பென்சிலும் மேசைமீது காத்திருத்தல் வேண்டும். முதல் வேலை, புள்ளிக் கோட்டின்மேல் வரைவது போன்று, யாரையும் கேளாமல் தொடங்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். அமர்ந்தபின் பலர் “என்ன செய்வது?” என்று கேட்டால், குறை பாட்டில் இல்லை, பாயிலிருக்கும்போது வேலையைக் காட்டித் தராததில் இருக்கின்றது. கதிரைகள் தரையில் உராயும் ஓசை மிகுந்தால், பாட்டை விரைந்து பாடிவிட்டோம் என்று அறியலாம்.

அச்சிறுவனைப் பற்றியும் கேட்டோம். “அவனுக்குக் கதை இன்னும் முடியவில்லை. பாட்டுக்கு முன் அருகில் சென்று, ‘இன்னும் ஒரு பக்கம், பிறகு பாட்டு’ என்று சொல்லிவிடுங்கள்” என்றார். நாம் பிடிவாதம் என்றது, முன்னறிவிப்பின்றி இழுக்கப்பட்ட குழந்தையின் திகைப்பே.

மூன்றாம் நாள் பாயில் அமர்ந்தபடியே பாட்டை மட்டும் பலமுறை பழக்கினோம். பின்னரே நடக்கச் செய்தோம். நான்காம் நாள் இரண்டாம் முறை பாடி முடிப்பதற்குள் இருவரைத் தவிர யாவரும் அமர்ந்திருந்தனர். அவ்விருவருக்காகப் பாட்டை நீட்டவில்லை. நீட்டினால் மறுநாள் பலர் தாமதிப்பர். அருகே சென்று அமைதியாக அழைத்து வந்தோம்.

ஐந்தாம் நாள் ஹந்தானை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. நல்ல வேளையாக, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைச்சைகையையும் ஆசிரியை சேர்த்துப் பழக்கியிருந்தார். செவிப்புலன் குறைந்த குழந்தைக்கும் இரைச்சலுக்கு அஞ்சும் குழந்தைக்கும் அதுவே துணை. ஓசையின்றி உதடுகளை மட்டும் அசைத்துக் கைகளைக் காட்டினோம். வகுப்பு எழுந்து நடந்தது. அச்சிறுவனும் பாயின் நுனியை விட்டு எழுந்து, கதிரையைத் தூக்கி வைத்து அமர்ந்து, இரு கைகளையும் மேசைமீது வைத்துவிட்டு நம்மைப் பார்த்தான். அதட்டியதற்காக அன்று அவனிடம் வருத்தம் தெரிவித்தோம்.