21 நாளும் 35 நாளும்

கட்டடத் தொழிலில் ஈடுபட்ட எமக்கு, வீட்டுக்காரர் குறித்த நாளை மறுத்துரைப்பதே கடினமான பணியாகும். சில ஆண்டுகளுக்கு முன் வர்த்தகர் ஒருவர், மேற்றளம் இன்னும் போடப்படாத தம் வீட்டுக்கு 21 ஆம் நாளிற் குடிபூரல் வைத்துவிட்டார்.

"ஆட்களைக் கூட்டுங்கோ, தம்பி" என்றார்.

"ஐயா, ஆட்களைக் கூட்டினாற் பலகையடிப்பு விரையும், சீமெந்து இறுகுவது விரையாது" என்று கூறி, ஒரு தாளில் நாட்களை எழுதினோம். பலகையடிப்பும் கம்பிகட்டலும் 6 நாள்; கொங்கிறீற் இடுதல் 1 நாள்; தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்கள் 14 நாள் நிற்கவேண்டும், அவற்றுள் முதல் 7 நாளும் தளத்தில் நீர் தேங்கவேண்டும்; உட்பூச்சு 7 நாள்; வெள்ளையடித்தல் 2 நாள். ஆக 30. மழைக்கென 5 நாள் சேர்த்து, 35 ஆம் நாளை உறுதிகூறினோம். எண்ணெய் வர்ணம் பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே ஒட்டுமாதலின், அதனைக் குடிபூரலுக்குப் பின் வைத்தோம்.

"முட்டுக்கால்களை முந்தி எடுத்தால்?"

"தளம் தொய்யும், அடியில் வெடிப்பு ஓடும். தொய்ந்ததைப் பின்னர் நிமிர்த்த இயலாது."

அவர் தாளை மடித்துக்கொண்டு சோதிடரிடம் சென்றார். மறுநாள் 38 ஆம் நாளில் அமைந்த முகூர்த்தத்துடன் மீண்டார். வெறுமனே "இயலாது" என்றிருப்போமாயின், வேறொருவரைத் தேடியிருப்பார். கணக்கைக் கையிற் கொடுத்தமையால், நாளை அவரே மாற்றினார்.