மத்தியானத்துக்குப் பிறகு சரி

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் தீவுப்பகுதியில் வேலை செய்யும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சனம் வந்துகொண்டே இருக்கும். படகுக்கு நிற்கும் வரிசை வெயிலில் நீளும். குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழும். வழி நெடுகத் தேநீர்க் கடைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் முளைத்திருக்கும். அந்தக் கடைகளிலும் பந்தல்களிலும் சனம் குடிக்கும் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் நானும் ஒருவன்.

மற்ற மாதங்களில் எங்கள் வேலை வட்டாரம் வட்டாரமாகச் சுற்றுவது. ஆளில்லாத வளவுகளில் பாழடைந்து கிடக்கும் கிணறுகளிலும் தொட்டிகளிலும் நுளம்புக் குடம்பி தேடுவோம். பள்ளிக்கூட மலசலகூடம், இறைச்சிக் கடை, பாண் போடும் வெதுப்பகம் என்று பார்த்துக்கொண்டு போவோம். உணவுக் கடைகளைப் பார்க்க எச் 800 என்று ஒரு படிவம் இருக்கிறது. கட்டடம், சமையலறை, சமைப்பவரின் மருத்துவச் சான்று, கழிவு, தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கடையைத் தரம் பிரிக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் எங்களுக்கு வழக்குப் போடவும் அதிகாரம் தந்திருக்கிறது. நான் வழக்குப் போடத் தயங்கியவன் அல்லன். ஆனால் இங்கே எழுதுவது நான் நல்ல புள்ளி போட்ட ஒரு கடையைப் பற்றி.

எந்த ஊர், யாருடைய கடை என்று சொல்லப் போவதில்லை. குறிகட்டுவானுக்குப் போகும் வழியில் இருந்தது என்பது போதும். கடைக்கார அண்ணை கவனமான மனிதர். அலுமாரியில் வடைக்கும் றோல்சுக்கும் மேலே கண்ணாடி மூடி இருக்கும். வேலை செய்யும் பெடியன்களுக்கு மருத்துவச் சான்று இருந்தது. நகம் வெட்டியிருந்தார்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடிக்குக் கூடவே இருந்தது. நாடா பிடித்து அளந்து பார்த்துத்தான் எழுதினேன்.

திருவிழா நாட்களில் கடைக் கிணறுகளுக்கு நாங்களே குளோரின் போடுவோம். அந்தக் கிணறு இரண்டு மீற்றர் விட்டம். நீர் ஒன்றரை மீற்றர் ஆழம் நின்றது. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 785 ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். இந்தக் கிணற்றில் ஏறக்குறைய 4700 லீற்றர். லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் குளோரின் சேர வேண்டுமானால் ஒன்பதரை கிராம் அளவில் குளோரின் தேவை. தூளில் காற்பங்குதான் உண்மையான குளோரின் என்று வைத்துக்கொண்டால் தூள் நாற்பது கிராம். பழைய பேணியை, அதுவும் மூடி சரியாக மூடாமல் உப்புக் காற்றில் கிடந்த பேணியை எடுத்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தூளின் வீரியம் பறந்திருக்கும். அதனால் நான் எப்போதும் புதுப் பேணிதான் உடைப்பேன்.

தூளை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அடையவிட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் அடிவரை இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் ஒருவரும் அள்ளக் கூடாது. அதன் பிறகு சோதனைக் குழாயில் கிணற்று நீரை எடுத்து வில்லையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். எஞ்சிய குளோரின் லீற்றருக்கு அரை மில்லிகிராம் இருந்தால் நல்லது. விடியப் புறப்பட்டு எட்டு மணிக்குள் அந்த நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு ஓடுவேன். கடைகள் பல. நான் ஒருவன்.

ஒரு வருடம் திருவிழாவின் நடுவில் ஒருநாள் கடைக்கார அண்ணை என்னை மறித்தார்.

"ஐயா, நீங்கள் மருந்து போட்டிட்டுப் போனாப் பிறகு தண்ணி மணக்குது. தேத்தண்ணியை வாயில வைக்கேலாமல் கிடக்கு எண்டு சனம் பேசுது. மத்தியானத்துக்குப் பிறகு சரி."

"கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ அண்ணை. மத்தியானத்தோட மணம் போகுதுதானே" என்றேன். அவருடைய முறைப்பாடு தானாகத் தீர்ந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

திருவிழா முடிந்து சில வாரங்கள் கழித்து, பெருநிலத்தில் வேறொரு பிரிவில் வேலை செய்த சக பரிசோதகர் ஒருவர் கூப்பிட்டார். அவருடைய பகுதியில் ஒரு மாணவிக்கு நெருப்புக்காய்ச்சல். வைத்தியசாலை எச் 544 படிவத்தில் அறிவித்திருந்தது. அப்படி ஓர் அறிவித்தல் வந்தால் அந்தப் பகுதிப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். கிணறு, மலசலகூடம், அயலில் வேறு காய்ச்சல் என்று பார்க்க வேண்டும். நோய் தொற்றிக் காய்ச்சல் தொடங்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகுமாதலால் அந்தக் காலத்தில் எங்கே போனார்கள், என்ன உண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த வீட்டுக் கிணற்றிலும் அயலிலும் அவருக்குச் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. குடும்பம் வெளியே சாப்பிட்ட ஒரே நாள் நயினாதீவுக்குப் போன நாள். படகுக்கு முன் ஒரு கடையில் தேநீரும் வடையும் எடுத்திருந்தார்கள். மாணவி தேநீர் வேண்டாம் என்று மேசையில் இருந்த யக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் இரண்டு கிளாஸ் குடித்திருந்தாள். அவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது நான் நல்ல புள்ளி போட்ட கடை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"மதியப் பூசைக்குப் போகேல்லை. வெயில் தணியட்டும் எண்டு நிண்டவையாம். ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

அன்றிரவு பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தத் திகதி இருந்தது. கிணற்றின் அளவு சரி. தூளின் நிறை சரி. காலை எட்டு மணிக்கு இளஞ்சிவப்பு, என் கையெழுத்து. மேலே உள்ள நாளைப் பார்த்தேன். எட்டு மணி. கீழே உள்ள நாள், எட்டு மணி. பக்கத்தைப் புரட்டினேன். எல்லாக் கடைகளுக்கும் எல்லா நாளும் காலைதான். சனம் குடிக்கும் நேரத்தில் எடுத்த ஒரு சோதனைகூட அந்தப் பதிவேட்டில் இல்லை. அப்போதுதான் கடைக்கார அண்ணை சொன்னது காதில் திரும்ப விழுந்தது. மத்தியானத்துக்குப் பிறகு சரி. மணம் போனால் குளோரினும் போய்விட்டது என்றுதானே பொருள்? அவர் தன் மூக்கால் அறிந்து எனக்குச் சொன்ன சோதனை முடிவை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அடுத்த பௌர்ணமி நாளில் நாகதீப விகாரைக்கு வரும் கூட்டம் இருக்கும் என்று தெரிந்து, அந்தக் கடையிலேயே இருந்தேன். எட்டு மணிக்கு இளஞ்சிவப்பு. பம்பு கடைக்குப் பின்னால் இருந்த ஆயிரம் லீற்றர்த் தாங்கிக்கு இறைத்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு நிறம் வெளிறிவிட்டது. இரண்டு மணிக்குக் குழாயில் நிறமே இல்லை.

காரணம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். எங்கள் தீவுகள் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய மண் படிந்தவை. நல்ல தண்ணீர், கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு படலமாக அந்தப் பாறைக்குள் நிற்கிறது. பம்பு இறைக்க இறைக்க, வெடிப்புகள் வழியாகப் புதுத்தண்ணீர் வந்து நிரம்புகிறது. தாங்கி மத்தியானத்துக்குள் ஐந்தாறு தரம் நிரம்பினால் காலையில் நான் மருந்து போட்ட கிணற்று நீரில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய குளோரினை வெயிலும் புதுநீரில் வந்த அழுக்கும் தின்றுவிடுகின்றன. வெடிப்பு எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மண் தண்ணீரை வடிகட்டும் என்று நம்பித்தான் அந்த ஐம்பது அடி. வெடித்த பாறை வடிகட்டாது. நான் நாடா பிடித்த தூரம் அங்கே பெரிய காவல் அல்ல.

அந்தக் கிணறுதான் மாணவிக்கு நோய் தந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அறிவித்தல் வந்தபோது திருவிழாக் கூட்டம் கலைந்து, கிணறு தன் நிலைக்குத் திரும்பியிருந்தது. பிறகு நாங்கள் எடுத்து அனுப்பிய நீர் மாதிரி அன்றைய தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும், அவள் குடித்த தண்ணீரைப் பற்றிச் சொல்லாது. கடையில் வேலை செய்தவர்களின் மலப் பரிசோதனையிலும் கிருமி அகப்படவில்லை. பரிசோதனையில் ஒருதரம் கிருமி அகப்படாததால் ஆள் நோய்க்காவி இல்லை என்றும் ஆகாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அவள் அந்தத் தண்ணீரைக் குடித்த நேரத்தில் அதில் குளோரின் இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. உயர்தரப் பரீட்சை ஆவணியில் நடந்த காலம் அது. அவள் வைத்தியசாலையிலும் பிறகு வீட்டிலும் படுத்துக் கிடந்து, அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. ஒரு வருடம் போயிற்று. சக பரிசோதகர் இதை வேறு பேச்சுக்கிடையில் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த ஆனிக்கு முறையை மாற்றினோம். கிணற்றுக்குப் போடுவதோடு, தாங்கி நிரம்பும் ஒவ்வொரு தரமும் தாங்கிக்குப் போடுவது. ஆயிரம் லீற்றருக்கு எட்டுக் கிராம் தூள். அதைத் தராசில் நிறுத்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தேன். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணித்தியாலம் குழாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். சனம் காத்து நிற்கும்போது இதுதான் கடினம். ஒரு தாங்கி ஊறும்போது மற்றதைப் பாவிக்க இரண்டு தாங்கி வைத்தவர்களால் முடிந்தது. ஒரு தாங்கிக்காரர்கள் சிரமப்பட்டார்கள். குடிதண்ணீரைக் கொதித்தாற வைத்துக் கொடுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். சிலர் செய்தார்கள், சிலர் விறகுச் செலவைச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். தேநீரில் தண்ணீர் கொதிக்கிறது. ஆனால் கிளாஸ் கழுவும் வாளியில் கொதிப்பதில்லை, சம்பலுக்குத் தெளிக்கும் தண்ணீரும் கொதிப்பதில்லை. அதனால் கிணற்றடியில் சோதனை எடுப்பதை நிறுத்தினேன். மேசையில் இருக்கும் யக்கிலிருந்தும் கிளாஸ் கழுவும் வாளிக்கு வரும் குழாயிலிருந்தும் எடுத்தேன், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு. ஒரு நாளில் பார்க்கும் கடைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மாதாந்த அறிக்கையில் அது பார்க்க நன்றாக இருக்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி ஏன் என்று கேட்டார். பழைய பதிவேட்டையும் பௌர்ணமி நாளில் குறித்த மூன்று நேரங்களையும் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் பிற்பகலுக்கு ஒரு நிரல் கோடு போடச் சொன்னார்.

கடைக்கார அண்ணைக்கு ஒரு சோதனைக் குழாயும் சில வில்லைகளும் கொடுத்திருந்தேன். திருவிழாவின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மூன்று மணிபோல அழைத்தார்.

"ஐயா, நிறம் வரேல்லை. மேசையில தண்ணி வைக்கிறதை நிப்பாட்டிப் போட்டன். சோடாதான் குடுக்கிறம். நீங்கள் வருவியளோ, நான் போடட்டோ?"

"நீங்களே போடுங்கோ அண்ணை. அரை மணித்தியாலம் பொறுங்கோ. நான் வாறன்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் குழாயைத் திறக்கவில்லை.